மூன்றாம் கட்டடத்தின் சனிக்கிழமை

கணிப்பக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆபீஸில் அதைச் சம்பளச் சீட்டு மட்டும்தான் உபயோகிக்கிறது. மற்ற எல்லோருக்கும், மேலாளரிலிருந்து காப்பி மெஷின் ரிப்பேர்காரர் வரைக்கும், அவள் கணிப்பக்கா. கைரேகை, ஜாதகம் எதையும் அவள் தொடுவதில்லை. இன்னும் கட்டி முடிக்காத ஒரு கட்டடம், கட்டி முடித்த பிறகு வருஷத்துக்கு எத்தனை யூனிட் மின்சாரம் தின்னும் என்று கம்ப்யூட்டரில் மாதிரி செய்து முன்கூட்டியே சொல்வது அவள் வேலை. சுவர் எவ்வளவு கனம், கண்ணாடி எந்தப் பக்கம், ஏசி எந்த ரகம், எத்தனை பேர் எத்தனை மணிக்கு வருவார்கள் என்று எல்லாவற்றையும் உள்ளே தட்டினால், கடைசியில் ஒரு எண் வரும். அந்த எண்ணை அனுப்பிவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவாள். சொன்னபடி நடந்ததா என்று திரும்பிப் போய்ப் பார்க்கும் வழக்கம் அந்தத் தொழிலில் யாருக்குமே கிடையாது. கணிப்பக்காவுக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

அவளுக்கு இருந்த ஒரே மனக்குறை கையெழுத்து. கணக்கெல்லாம் அவள் போடுவாள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவது முதுகலைப் பட்டம் வைத்திருக்கும் ஒரு பையன். அவனுக்கு அந்த மென்பொருளை எப்படித் திறப்பது என்று சொல்லிக்கொடுத்ததே இவள்தான். நல்ல பையன்தான். ஒவ்வொரு முறையும் பேனாவைத் திறக்கும்போது, "மன்னிச்சுக்கோங்கக்கா" என்று வேறு சொல்லுவான். அந்த மன்னிப்புதான் அவளுக்கு அதிகம் வலித்தது. அதனால்தான் நாற்பது தாண்டிய பிறகு, வேலையை வைத்துக்கொண்டே பகுதிநேரமாக முதுகலையில் சேர்ந்தாள்.

ஆய்வேட்டுக்கு என்ன தலைப்பு எடுப்பது என்று அவள் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கட்டடங்கள் பற்றி முன்னால் சொல்லும் கணக்குக்கும், பின்னால் மீட்டர் காட்டும் கணக்குக்கும் நடுவில் உள்ள இடைவெளி. இது உலகம் முழுக்க இருக்கிற தலைவலி. தலைப்பை வீட்டில் சொன்னபோது, டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அவள் கணவர் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"அதாவது, கம்பெனிக்காரன் சொல்ற மைலேஜ் வேற, வண்டி குடுக்கிற மைலேஜ் வேற. அதானே?"

"அதேதான்."

"இது எங்கிட்ட எல் போர்டு மாட்டிட்டு வர்றவங்களுக்கே தெரியுமே. இதுக்கு எதுக்கு ஒரு டிகிரி?"

"ஏன் வேறன்னு யாருக்கும் சரியாத் தெரியாதுல்ல?"

"ஓட்டுறவன் சரியில்ல. வேற என்ன," என்று சொல்லிவிட்டு அவர் வெங்காயத்துக்குத் திரும்பினார்.

ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம், இதுவரை யார் யார் என்னென்ன ஆராய்ந்தார்கள் என்று எடைபோடும் அத்தியாயம். லிட்ரேச்சர் ரிவியூ என்பார்கள். "ரெண்டே வாரத்துல முடிச்சிடுவேன்," என்று கணிப்பக்கா வீட்டில் அறிவித்தாள். கணிப்பதையே தொழிலாக வைத்திருப்பவள் சொன்னால் நம்ப வேண்டியதுதானே? கணவர் நம்பிச் சமையலை எடுத்துக்கொண்டார். காலண்டர் மாறி, அடுத்த காலண்டரும் பாதி கிழிந்தது. அவருக்கு இப்போது ரசம் கூட வைக்க வருகிறது.

முதல் முறை கொடுத்ததை அவளுடைய நெறியாளர் திருப்பி அனுப்பினார். அவளைவிடப் பத்து வயது இளையவர், பயங்கர மரியாதைக்காரர். திட்டுவதைக்கூடக் கை கட்டிக்கொண்டுதான் திட்டுவார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார், இன்னொருத்தர் வேற மாதிரி சொன்னார்... எல்லாரும் வந்திருக்காங்க. ஆனா யாரும் யாரோடயும் பேசல. இது ரிவியூ இல்ல மேடம், வருகைப் பதிவேடு."

இரண்டாம் முறை அவள் எல்லோரையும் பேச வைத்தாள். நடுநடுவே 'மாறாக', 'இதற்கு ஒப்ப', 'எனினும்' என்று தாராளமாகத் தூவினாள். அதுவும் திரும்பி வந்தது. பதிவுக் காலத்தை ஏற்கனவே ஒரு தடவை நீட்டி வாங்கியாகிவிட்டது. இன்னொரு நீட்டிப்பு கிடையாது. மூன்றாவது முறை மதிப்பீட்டுக் குழு இந்த அத்தியாயத்தை ஒத்துக்கொள்ளாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். பட்டமும் போச்சு, கையெழுத்தும் போச்சு. நெறியாளர் இதைச் சொல்லிவிட்டு, மிகுந்த பணிவோடு இன்னொன்றும் கேட்டார்.

"மேடம், நீங்க மேற்கோள் காட்டியிருக்கிற கட்டுரையெல்லாம் படிச்சீங்களா?"

"படிச்சேன் சார்."

"எல்லாம்?"

கணிப்பக்கா சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியின் வழிமுறைகளைப் படிக்க ஆரம்பித்தாள். விஷயம் என்னவென்றால், அவள் படித்த கட்டுரைகள் வேறு ஏதோ கட்டுரைகளைக் காட்டியிருக்கும். அதையும் அப்படியே தூக்கி வைத்துக்கொள்வாள். ஊரே செய்கிற காரியம்தான். நெறியாளருக்கும் அது தெரியும் என்பதால் அவரும் சற்று நேரம் தீயணைப்புக் கருவியைப் பார்த்தார். பிறகு, "மூலத்தையே எடுத்துப் படிச்சிடுங்க மேடம்," என்றார்.

அப்படித்தான் சாப்பாட்டு மேஜை பறிபோனது. அச்செடுத்த கட்டுரைகளை அவள் யார்மீது பழி விழுகிறது என்று பார்த்துக் குவியல் குவியலாகப் பிரித்தாள். ஒரு குவியல், மாதிரி செய்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போட்டார்கள் என்றது. ஒரு குவியல், கட்டியவர்கள் வரைபடத்தில் இருந்ததைக் கட்டவில்லை என்றது. மிகப் பெரிய குவியல் உள்ளே குடியிருப்பவர்களைச் சாடியது: ஜன்னலைத் திறந்துவைத்து ஏசி போடுகிறார்கள், விளக்கை அணைப்பதில்லை, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. குடும்பம் சோபாவில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டது. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகள் ஒருநாள் குவியல்களைப் புரட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இதுல எழுதினவங்க யாருமே 'நாங்க பண்ண தப்பு'ன்னு எழுதலையே?"

"என்ன?"

"கட்டடத்தை வரையறவங்க எழுதினா, குடியிருக்கிறவங்க மேல தப்பு. கட்டடத்தைப் பராமரிக்கிறவங்க எழுதினா, வரைஞ்சவங்க மேல தப்பு. எங்க கிளாஸ்ல ஃபேன் உடைஞ்சப்போ நடந்த விசாரணை மாதிரியே இருக்கு."

கணிப்பக்கா மகளை முறைத்தாள். பிறகு ஒரு தாளை எடுத்து அதைக் குறித்துக்கொண்டாள். இரண்டு தடவை திரும்பி வந்த அத்தியாயத்தில் இல்லாத முதல் சொந்த யோசனை அது. அதுவும் சொந்தமில்லை, மகளுடையது.

மூன்றாம் கட்டடம் அதற்கடுத்த வாரம் வந்து சேர்ந்தது. இந்தத் துறையில் அந்தக் கட்டடத்தைத் தெரியாதவர்கள் இல்லை. நான்கு அலுவலகக் கட்டடங்களை, பெயர் சொல்லாமல் எண் மட்டும் கொடுத்து, மீட்டர் வைத்து அளந்த ஒரு கட்டுரை. அதில் மூன்றாவது, சொன்னதைப் போல இரண்டரை மடங்கு தின்றது. அதன்பின் வந்த கட்டுரைகள் எல்லாம் அதைத்தான் உதாரணம் காட்டின. கணிப்பக்காவும் தன் அத்தியாயத்தில் காட்டியிருந்தாள். "மாதிரி செய்பவரின் அலட்சியத்துக்கு மூன்றாம் கட்டடமே சிறந்த சான்று" என்பது அவளுடைய சொந்த வாக்கியம். எழுதியபோது அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இப்போது முதல் முறையாக மூலத்தைத் திறந்து படித்தாள். அறுகோண வடிவத் தளம். நடுவே கண்ணாடிக் கூரை. கீழ்த்தளத்தில் கேன்டீன். அவளுக்கு எங்கேயோ இடித்தது. அடுத்த பக்கத்தில் கணித்த அளவு இருந்தது: வருஷத்துக்குச் சதுர மீட்டருக்கு 89.7 யூனிட்.

89.7! பெற்ற பிள்ளையின் மச்சத்தைப் பார்த்த மாதிரி அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தொண்ணூறுக்குக் கீழே வந்தால் வாசலில் ஒரு பட்டயம் மாட்டிக்கொள்ளலாம் என்று அந்த வாடிக்கையாளர் ஒற்றைக் காலில் நின்றார். கண்ணாடியை மாற்றி, விளக்கை மாற்றி, அவள்தான் அந்தப் புள்ளி மூன்றைச் சுரண்டிக் கீழே இறக்கினாள். மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. அந்த வெற்றிக்கு ஆபீஸில் கேக் வெட்டினார்கள்.

ஆக, அலட்சியத்துக்குச் சிறந்த சான்று கணிப்பக்கா. அதை அச்சில் எழுதியவளும் கணிப்பக்கா.

"என்ன ஆச்சு?" என்றார் கணவர், அவள் முகத்தைப் பார்த்து.

"நான் என்னையே திட்டி எழுதியிருக்கேன்."

"எத்தனை பக்கம்?"

"ஒரு பத்தி."

"பரவால்ல, வீட்ல நாங்க திட்டாம நிறைய விட்டுவெச்சிருக்கோம்," என்று சொல்லிவிட்டு, அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

நெறியாளரிடம் போய், மூன்றாம் கட்டடத்தை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிடலாமா என்று கேட்டாள். காரணத்தையும் சொன்னாள். அவர் கை கட்டியிருந்ததை அவிழ்த்துவிட்டார், அவ்வளவு அதிர்ச்சி.

"மேடம், அதை எல்லாரும் காட்டுறாங்க. நீங்க மட்டும் விட்டா கண்ணுல குத்தும். அதுவும் குழுவுல யார் உக்காரப்போறாங்கன்னு தெரியுமா? மீட்டரம்மா."

மீட்டரம்மா என்று மாணவர்கள் கூப்பிடுவது அந்தக் கட்டுரையை எழுதிய பேராசிரியையை. போகிற கட்டடத்தில் எல்லாம் லிஃப்டுக்கு ஒன்று, பம்புக்கு ஒன்று என்று மீட்டர் மாட்டிவிட்டு வரும் அம்மாள். தான் அளக்காத எதையும் நம்பமாட்டார் என்று பேச்சு. அவருடைய கட்டுரையின் வில்லி, அவர் முன்னாலேயே போய் உட்கார்ந்து, அதே கட்டுரையை எடைபோட வேண்டும்.

வேறு வழியில்லாமல் கட்டுரையை வரிவரியாக, அட்டவணை அட்டவணையாகப் படித்தாள். பின்னிணைப்பில்தான் அது கிடைத்தது. எந்தெந்த உபயோகத்துக்கு எவ்வளவு என்று ஒரு அட்டவணை. ஒரு பக்கம் கணித்தது, மறுபக்கம் மீட்டர் காட்டியது. குளிரூட்டல், விளக்கு, காற்றோட்டம், வெந்நீர் எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கமும் எண் இருந்தது. கம்ப்யூட்டர், சர்வர் அறை, லிஃப்ட், கேன்டீன் அடுப்பு ஆகியவற்றுக்கு மீட்டர் பக்கத்தில் எண், கணிப்புப் பக்கத்தில் வெறும் கோடு. ஏனென்றால் அவள் போட்டது கட்டட அனுமதி வாங்குவதற்கான கணக்கு. கட்டடத்தோடு பிறந்ததை மட்டும் எண்ணு, உள்ளே கொண்டுவந்து சொருகுவதை எண்ணாதே என்பது அதன் விதி. கூட்டலில் அந்தக் கோடுகளெல்லாம் பூஜ்யமாகிவிட்டன. மீட்டர் காட்டிய 225-இல் 75, அவள் சொல்லவே சொல்லாத சாமான்களுடையது. அவள் சொன்ன சாமான்களை மட்டும் மீட்டரோடு ஒப்பிட்டால் தொண்ணூறுக்கு நூற்றைம்பது. இரண்டரை மடங்கு எங்கே, இது எங்கே! இதைக் காட்டிப் பேசிய இத்தனை பேரில் ஒருவர்கூடப் பின்னிணைப்பைத் திறக்கவில்லை.

அன்று கணிப்பக்கா வீட்டுக்குள் நடந்த நடை இருக்கிறதே, நடையே இல்லை, ஊர்வலம். குவியல்களைக் கலைத்தாள். பழி யார்மேல் என்று பிரித்ததை விட்டுவிட்டு, எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்று பிரித்தாள். அனுமதிக் கணக்கை மொத்த மீட்டரோடு ஒப்பிட்டவர்கள் ஒரு பக்கம். முழுக் கட்டடத்தையும் உள்ளபடி கணித்து ஒப்பிட்டவர்கள் ஒரு பக்கம். இடைவெளியைக் கணிப்பால் வகுத்து நூறு சதவீதம் என்பவர்களும், அதே இடைவெளியை மீட்டரால் வகுத்து ஐம்பது சதவீதம் என்பவர்களும் தனித்தனிப் பக்கம். அதுவரை ஒன்றுக்கொன்று முரணாகக் கத்திக்கொண்டிருந்த கட்டுரைகளில் பாதி, ஒரே விஷயத்தை வேறு வேறு அளவுகோலில் சொல்லிக்கொண்டிருந்தது தெரிந்தது. இரண்டு தடவை எழுதி வராத அத்தியாயம் இப்போது தானாக எழுந்து உட்கார்ந்தது. மூன்றாம் கட்டடத்துக்கு மட்டும் நான்கு பக்கம் ஒதுக்கி, மீட்டரம்மாவைக் காய்ச்சி எடுத்தாள்.

கணவர் படித்துப் பார்த்தார். "ஹார்ன் ஜாஸ்தியா இருக்கு," என்றார்.

"தப்பு அவங்க மேலதானே?"

"இருக்கட்டும். தொண்ணூறுக்கு நூத்தம்பதுன்னா, அந்த அறுபது யாரோடது?"

அந்த மனுஷனுக்குச் சில சமயம் இப்படி ஒரு பழக்கம் உண்டு. கணிப்பக்கா மறுபடி கட்டுரைக்குத் திரும்பினாள். ஏசியை விடியற்காலையிலேயே போட்டுவிடுகிறார்கள், காற்றோட்ட விசிறிகளை இரவில் அணைப்பதில்லை என்று மீட்டரம்மா எழுதியிருந்தார். "மீதிக்குக் காரணம் தெரியவில்லை" என்றும் நேர்மையாக எழுதியிருந்தார். பக்கத்திலேயே ஒரு வாரத்து மின்சார உபயோகத்தின் வரைபடம். நாளுக்கு ஒன்றாக மேடு மேடாக ஏறி இறங்கியது. கணிப்பக்கா விரல் வைத்து எண்ணினாள். ஆறு மேடு.

பழைய கோப்பைத் தேடித் திறந்தாள். வேலை நாட்களின் அட்டவணையில் ஐந்து நாள் இருந்தது. வாடிக்கையாளரைக் கேட்டு எழுத வேண்டிய இடம். கேட்காமல் விட்டால் மென்பொருளே ஐந்து நாள் போட்டுக்கொள்ளும். அவள் கேட்கவில்லை. சனிக்கிழமை அந்தக் கட்டடத்தில் ஒரு ஈ காக்காய்கூட இல்லை என்று எழுதிவைத்திருந்தாள்.

"அறுகோணக் கட்டடமா?" என்று மகள் திரையை எட்டிப் பார்த்தாள். "இதுக்கு நான் கலர் அடிச்சிருக்கேனே. உன் டேபிளுக்கு அடியில உக்காந்து, வேணாம்னு போட்ட பேப்பர்ல."

"ஆபீஸ்லயா? ஸ்கூல் இருந்திருக்குமே உனக்கு?"

"சனிக்கிழமைம்மா. சனிக்கிழமைதான் நீ என்னைக் கூட்டிட்டுப் போவ. அப்பாவுக்கு அன்னிக்குத்தான் கிளாஸ் ஜாஸ்தி."

கணிப்பக்கா கோப்பின் தேதியைப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் அந்த வருஷத்துக்குப் போய்க் காலண்டரைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். அந்த மேஜைக்கு அடியில், வாரக் கடைசியெல்லாம் அந்தக் குழந்தை அறுகோணத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மேலே அதன் அம்மா, ஆபீஸ் முழுக்க ஆளும் விளக்கும் ஏசியும் ஓடிக்கொண்டிருக்க, சனிக்கிழமை யாரும் ஆபீஸுக்கு வரமாட்டார்கள் என்று ஒப்புக்கொண்டு 'சரி'யை அழுத்தியிருக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். எதற்கென்று புரியாமல் மகளும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமையைச் சேர்த்து மாதிரியை மறுபடி ஓட்டினாள். தொண்ணூறு, நூற்று ஏழாக ஏறியது. அறுபதில் பதினேழு அவளுடையது. அத்தியாயத்தில் இருந்த ஹார்னையெல்லாம் எடுத்தாள். நான்கு பக்கம் ஒன்றரைப் பக்கமாக இளைத்தது. ஒப்பீடு எங்கே பிசகியது என்று பின்னிணைப்பைக் காட்டிச் சொன்னாள். கீழே சின்ன எழுத்தில் ஒரு அடிக்குறிப்பு சேர்த்தாள்: "இந்தக் கட்டடத்தின் கணிப்பைச் செய்தவர் இந்த ஆய்வேட்டின் ஆசிரியரே. வேலை நாள் அட்டவணையில் சனிக்கிழமை விடுபட்டது அவர் பிழை." மறு கணக்கு அடுத்த அத்தியாயத்துக்கு உரியது என்று நெறியாளர் அந்தப் பதினேழை மட்டும் அங்கே அனுப்பினார். அடிக்குறிப்பை அவர் இரண்டு தடவை படித்தார். "இதை வெச்சுக்கங்க மேடம்," என்றார்.

குழு கூடிய அறையில் ஏசி பற்கள் கிட்டும்படி ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரச் சிக்கனம் பேச வந்த அத்தனை பேரும் சால்வையும் கோட்டுமாக உட்கார்ந்திருந்தார்கள். மீட்டரம்மா பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இந்தக் கோடுகளை நான் பூஜ்யமா கூட்டிட்டேன்னு சொல்றீங்க."

"ஆமாம் மேடம்." குரல் அவளுக்கே கேட்கவில்லை.

நெறியாளர் இன்னும் இறுக்கமாகக் கை கட்டிக்கொண்டார்.

"இத்தனை வருஷமா இதை எல்லாரும் காட்டிட்டிருக்காங்க. ஒருத்தர்கூடச் சொல்லல," என்றார் மீட்டரம்மா. அதில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. "அப்ப ஒருத்தரும் படிக்கல." பிறகு கண் கீழே அடிக்குறிப்புக்கு இறங்கியது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "அந்த மீதிக்குக் காரணம் கிடைக்காம நான் எவ்வளவு நாள் அலைஞ்சேன் தெரியுமா? எந்தெந்தக் குழாயை எல்லாம் பிரிச்சுப் பார்த்தேன்! சனிக்கிழமையா?"

"ஓரளவுக்கு, மேடம்."

"ஏன் விட்டீங்க?"

கணிப்பக்கா நாலு விதமான பதில் தயார் செய்து வந்திருந்தாள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னாள். "தெரியல மேடம். சனிக்கிழமை யாரும் ஆபீஸ் வரமாட்டாங்கன்னு நெனைச்சேன். அதை நெனைச்சதே ஒரு சனிக்கிழமை, ஆபீஸ்ல உக்காந்துதான்."

முதலில் சிரித்தது மீட்டரம்மாதான். சால்வை நழுவி விழும் அளவுக்குச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அத்தியாயம் ஏற்கப்படுகிறது என்று எழுதினார்.

ஆய்வேடு முடிந்து பட்டம் வந்ததெல்லாம் கதையை இழுக்கும் சமாச்சாரம்; வந்தது. ஆபீஸில் அந்தப் பையன் தன் பேனாவையே அவளிடம் கொடுத்தான், இந்த முறை மன்னிப்பில்லாமல். கையெழுத்துப் போட வேண்டிய முதல் அறிக்கை மேஜைமேல் இருந்தது. அவள் மூடியைத் திறந்தாள், ஒரு சந்தேகம், மூடினாள். வாடிக்கையாளரைப் போனில் கூப்பிட்டாள்.

"சார், உங்க கட்டடத்துல சனிக்கிழமை ஆளுங்க இருப்பாங்களா?"

"சேச்சே. எங்க கம்பெனியில சனி, ஞாயிறு கண்டிப்பா லீவு மேடம். ஐஞ்சு நாள்னே போட்டுக்கங்க." அவருக்குப் பின்னால் யாரோ பிரிண்டரைத் திட்டுவது கேட்டது. இன்னொரு போன் அடித்தது. "கொஞ்சம் சீக்கிரம் மேடம், மீட்டிங்ல எல்லாரும் காத்திட்டிருக்காங்க."

கணிப்பக்கா சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். சனிக்கிழமை.

"சரிங்க சார்," என்று போனை வைத்தாள். அட்டவணையில் ஆறு நாள் போட்டாள். எண் ஏறியது. ஏறிய எண்ணின் கீழே, தன் முழுப் பெயரையும் பொறுமையாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, விளக்கையும் ஏசியையும் அணைத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனாள்.